சிபாரிசு கேட்கும் கடிதம்: இக்கரையும் அக்கரையும்

சங்கரன்கோவில் தாலுகா மேலநீலிதநல்லூரிலிருந்து ஆடை வடிவமைப்புப் படிக்கச் சென்ற ஒரு பெண், கல்வி உதவித்தொகைக்காகத் தன் தையல் ஆசிரியையிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு அரசாங்க உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாசில்தார் தரும் வருமானச் சான்றும், சாதிச் சான்றும், மதிப்பெண் பட்டியலும், கல்லூரியின் படிப்புச் சான்றுமே பிரதானமாகையால், ஆசிரியையின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. தனியார் அறக்கட்டளையோ அயல்நாட்டுக் கல்லூரியோ கேட்கும்போதுதான் அதற்கு வேலை வருகிறது. அந்தப் பழக்கமின்மையால், "ஒரு சர்டிபிகேட் வேண்டும் டீச்சர்" என்று ஒரே வரியில் கேட்டுவிடுகிறார்கள். ஆசிரியையும் "நல்லொழுக்கமுள்ளவர்" என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பமிட்டுவிடுகிறார்.

இலங்கையிலோ, கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் ஒரு புறமிருக்க, விண்ணப்பப் படிவங்களில் உறவினரல்லாத இருவரின் பெயரையும் விலாசத்தையும் எழுதும் வழக்கம் நெடுநாளாகப் பழகிப்போனது. ஆகவே யாழ்ப்பாணத்து மாணவி புலமைப்பரிசிலுக்கு எழுதுகையில், கையில் ஒரு தாளைக் கேட்பதற்கு முன், "தங்கள் பெயரைக் குறிப்பிடலாமா, ரீச்சர்?" என்று அநுமதி கேட்பதே முறையாகிறது, விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லவா! இந்த மரியாதையை நாம் கடன் வாங்கலாம். ஆனால் அங்கும் அந்தப் பத்திரங்கள் நடத்தைக்கே சாட்சி, கைவேலைக்கு அல்ல.

கைவேலைக்குச் சாட்சி வேண்டுமானால், அதற்குரிய பொருளை மாணவியே நினைவூட்ட வேண்டும். நம் பெண்ணின் கடிதம் இப்படி அமையலாம்: "மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, சென்ற பருவத்தில் நான் வெட்டிய ரவிக்கையின் கைக்குழி உடம்போடு ஒட்டாமல் வாய் திறந்து நின்றது, அந்தத் தளர்வை ஊசியால் பிடித்து, அளவு பார்த்து, பேப்பர் கட்டிங்கில் அதை மார்பு டார்ட்டுக்குள் தள்ளி, காடாத் துணியில் மறுபடி தைத்துக் காட்டினேன். தாங்கள் நேரில் பார்த்த இதைப் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தை எழுத இயலுமா? இயலாதெனில் தயங்காமல் சொல்லுங்கள்." இதனுடன் கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி, அறக்கட்டளை கேட்கும் வினாக்கள், அந்தப் பழைய பேப்பர் கட்டிங்கின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, இரண்டு மூன்று வாரம் அவகாசமும் தந்தால், ஆசிரியைக்கு எழுத விஷயம் கிடைத்துவிடும்.

குடும்ப வறுமையைப் பக்கம் பக்கமாக விவரிப்பவர்களும் உண்டு. அதைச் சொல்லத் தாசில்தாரின் சான்று போதும். அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பிறக்கும் சிபாரிசில் இரக்கம் நிறைந்திருக்கும், ரவிக்கை இராது. தேர்வுக் குழுவினரோ அதைப் படித்தவுடன், எழுதியவர் இவள் வெட்டியதைப் பார்த்தவரா என்று சந்தேகிப்பார்கள். தவறிய முதல் வெட்டை மறைக்கச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது வேண்டாத நாணம். கைக்குழி ஏன் வாய் திறந்தது என்று கண்டுபிடித்தவளைத்தானே அந்தக் குழு தேடுகிறது?