கருப்புப் பட்டையைத் தேடும் கை

கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருப்பவை. ஸ்கேன் திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து ஓடும். அடிபடாத வயிற்றில் அந்தக் கோடு அறுபடாமல் இருக்கும். உள்ளே ரத்தம் கசிந்து அங்கே தேங்கினால், கோடு பிரிந்து நடுவில் கருப்பாக ஒரு பட்டை தெரியும். விபத்தில் சிக்கி வந்தவரிடம் அந்தக் கருப்பைத் தேடுவதுதான் ஃபாஸ்ட் ஸ்கேன்.

எந்த உறுப்பு கிழிந்திருக்கிறது என்ற கேள்விக்குள் இது போவதில்லை. இருக்கக் கூடாத இடத்தில் திரவம் இருக்கிறதா? அது ஒன்றுதான் கேள்வி. ஒலியலை திரவத்துக்குள் தடையின்றிக் கடந்துவிடுவதால் எதிரொலி திரும்புவதில்லை. அதனால் திரையில் அந்த இடம் கருப்பு. கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், இதய உறை, இடுப்புக்குழி என நான்கு இடங்கள் பார்ப்பார்கள். பழகிய கைக்கு ஓரிரண்டு நிமிடம் போதும். ஆனால் நான்கு இடத்திலும் புரோப்பை வைத்துப் படம் வரவழைப்பவருக்கும், ரத்தம் எந்த வழியாகப் போய் எங்கே தேங்கியிருக்கும் என்று யோசித்தபடி கையை நகர்த்துபவருக்கும் உள்ள தூரம் பெரிது. நான் ரசிப்பது இரண்டாமவரின் கையை.

வலப் பக்கத்தில் தொடங்குவோம். மல்லாந்து படுத்திருப்பவரின் மேல்வயிற்றில் ரத்தம் தேங்கத் தோதான பள்ளம், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் உள்ளது. ரதர்ஃபோர்டு மோரிசன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரால் அதை மோரிசன் பை என்கிறோம். அக்குளிலிருந்து நேர்கீழே, விலா எலும்புகளின் நடுவே புரோப்பை வைத்தால் இந்தப் பள்ளம் திரைக்கு வந்துவிடும். புதியவர் அங்கேயே நின்றுவிடுவார். தேர்ந்தவர் கையைக் கால் பக்கமாக இன்னும் ஒரு விலா இடைவெளி இறக்குவார். கல்லீரலின் கீழ்நுனியும் சிறுநீரகத்தின் கீழ்முனையும் ஒரே படத்தில் வரும்வரை அவருக்குத் திருப்தி வராது. கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கும்போது நடுப்பள்ளம் சுத்தமாகத் தெரியும். அந்த நுனியைச் சுற்றி மட்டும் சின்ன முக்கோணமாகக் கருப்பு நிற்கும்.

எவ்வளவு ரத்தம் சேர்ந்தால் கண்ணுக்குப் படும்? 1995-ல் டென்வர் மருத்துவர்கள் இதை அளந்து பார்த்தார்கள். வயிற்றுக்குள் குழாய்விட்டு உப்புநீர் செலுத்தும் பழைய சோதனை ஒன்று உண்டு. அந்த நீர் உள்ளே இறங்க இறங்க, ஒருவர் மோரிசன் பையையே ஸ்கேனில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் கண்ணில் திரவம் பட்டபோது உள்ளே போயிருந்த நீர் சராசரியாக 619 மில்லி. அரை லிட்டருக்கும் மேல்! ஓரிடத்தில் கையை வைத்துக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நுனிவரை இறங்குவதும், முடிந்தால் தலைப்பக்கம் கட்டிலைக் கொஞ்சம் தாழ்த்துவதும் அந்த அளவைக் குறைக்கத்தான்.

இடப் பக்கம்தான் கைக்கு உண்மையான பரீட்சை. இங்கே பலரும் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவேதான் தேடுவார்கள். ஆனால் பெருங்குடலை உதரவிதானத்தோடு கட்டியிருக்கும் ஒரு சவ்வு, இடப் பக்கத்தில் ரத்தம் கீழே இறங்கவிடாமல் மறிக்கிறது. அதனால் ரத்தம் முதலில் மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்தின் அடியில் பிறைபோல் தேங்கும். பெருகினால் குறுக்கே கடந்து வலப் பக்கம் போய்விடும்.

ஓர் இரவு பைக்கில் வந்து சாலைத் தடுப்பில் மோதிய இளைஞரைக் கொண்டுவந்தார்கள். ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியிருந்தது. நாடித்துடிப்பு 124, பி.பி. 96/60. பி.ஜி. மாணவர் ஸ்கேன் செய்தார்.

"ரைட் நெகட்டிவ் மேடம். லெஃப்ட்டும் கிளியர்."

"லெஃப்ட்ல டயஃப்ரம் தெரிஞ்சுதா?"

"விலா நிழல் மறைக்குது மேடம்."

"இன்னும் பின்னால போப்பா. விரல் முட்டி கட்டில்ல படணும்."

சொல்லிவிட்டு மேடமே புரோப்பை வாங்கினார். கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய், தலைப்பக்கமாக ஒரு விலா ஏற்றி, புரோப்பை லேசாகத் திருப்பி இரண்டு எலும்புகளின் சந்தில் படுக்கவைத்தார். நிழல் விலகியது. உதரவிதானத்தின் வெள்ளை வளைவுக்கும் மண்ணீரலுக்கும் நடுவே கருப்புப் பிறை. அதை ரத்தம் என்று உடனே சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தவரின் இரைப்பையும் அந்தப் பக்கத்தில் கருப்பாகத் தெரியும். புரோப்பை மெல்லச் சாய்த்து முன்னும் பின்னும் பார்த்தார். இரைப்பைக்குள் இருக்கும் திரவத்துக்குச் சுவர் உண்டு, ஓரம் உருண்டிருக்கும். கசிந்த ரத்தமோ கிடைத்த சந்தில் எல்லாம் புகுவதால் மூலைகள் கூராக இருக்கும். இதன் மூலைகள் கூராக இருந்தன. பிறகு வலப் பக்கம் போய்க் கல்லீரல் நுனியைப் பார்த்தார். அங்கேயும் ஒரு சிறு முக்கோணம்.

ரத்தம் ஏற்றியும் பி.பி. 80-க்கு இறங்கியது. நிலையாக இருந்திருந்தால் சி.டி.க்கு அனுப்பியிருப்பார்கள்; கருப்பும் தெரிந்து பி.பி.யும் சரிந்தால் நேரே தியேட்டர்தான். வயிற்றைத் திறந்தபோது ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம். மண்ணீரல் அதன் ரத்தக்குழாய் நுழையும் இடத்தில் கிழிந்திருந்தது.

இதயத்தைப் பார்க்கும்போது கை வேறு பாவனைக்கு மாறும். புரோப்பைப் பேனாபோல் பிடிக்காமல் மேலிருந்து கவிழ்த்துப் பிடித்து, நெஞ்செலும்பின் முனைக்குக் கீழே வயிற்றோடு ஏறக்குறையப் படுக்கவைத்து, இடது தோளை நோக்கி அழுத்துவார்கள். முன்னால் உள்ள கல்லீரலே இதயத்துக்கு ஜன்னல் ஆகிறது. இதயத்துக்கும் அதன் வெண்ணிற உறைக்கும் நடுவே கருப்பு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். இங்கே ஏமாற்றுவது கொழுப்பு. அது பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் இருக்கும், உள்ளே பொடிப்பொடியாக வெண்மை தெரியும், இதயத்தோடு சேர்ந்து அசையும். சட்டென்று சேரும் ரத்தம் 100, 200 மில்லி இருந்தாலே உறைக்குள் இதயத்தை நெருக்கிவிடும். எனவே தேர்ந்தவர் கருப்பைக் கண்டதும் வலது கீழறையைப் பார்ப்பார். விரிய வேண்டிய நொடியில் அது உள்ளே குழிந்தால் காத்திருக்க நேரமில்லை. கத்திக்குத்து என்றால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

அதே பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு நான்கு இடமும் சுத்தமாக இருந்தது. மேடம் கேஸ் ஷீட்டில் நேரத்தைக் குறித்து, "இப்போது திரவம் தெரியவில்லை, மீண்டும் பார்க்க" என்று எழுதினார். அரைமணி கழித்துப் பார்த்தபோதும் கருப்பு இல்லை. ஆனால் சிறுநீர் சிவந்திருந்தது, நாடித்துடிப்பு ஏறிக்கொண்டிருந்தது, பி.பி. மட்டும் இறங்கவில்லை. சி.டி.யில் இடது சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தக்கட்டு. அது வயிற்றறைக்குப் பின்னால் இருப்பது. இந்த ஸ்கேன் அங்கே எட்டாது. குடல் கிழிந்தாலும் தொடக்கத்தில் இது காட்டிக்கொடுக்காமல் போகலாம். உறைந்த ரத்தமோ சாம்பல் நிறமாகிக் கல்லீரலைப் போலவே தெரியும்.

கருப்பைக் கண்டுபிடித்த கை எல்லோர் கண்ணிலும் படும். இரண்டுமுறை பார்த்தும் கருப்பு கிடைக்காதபோது, ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு நாடியையும் சிறுநீரின் நிறத்தையும் நம்பிய அந்த முடிவிலும் அதே தேர்ச்சிதான் இருக்கிறது. ரத்தம் போகும் வழிகளைத் தெரிந்தவருக்கே, புரோப் எட்டாத வழிகளும் தெரியும்.