‘ஒற்றுப்பிழை’ என்னும் குறிப்பு: மாணவர் பத்தித் திருத்தம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மாணவர் எழுதிய பத்தியைத் திருத்தும் ஆசிரியர், பிழையான இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு ஓரத்தில் ‘ஒற்றுப்பிழை’ என எழுதுவது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிலவும் வழக்கம். அக்குறிப்பு பிழையின் பெயரைச் சொல்கிறதேயன்றிக் காரணத்தைச் சொல்வதில்லை. ஒன்றுக்கொன்று எதிரான இரு பிழைகளை அது ஒரே பெயரால் சுட்டுகிறது என்பதை இக்கட்டுரை ஒரு பத்தியின்வழி நிறுவ முயல்கிறது. கீழ்வரும் பத்தி, மாணவர் எழுத்தில் பரவலாகக் காணப்படும் பிழைகளைக் கொண்டு விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது.

“மாலையில் மளை பெய்தது. நானும் தம்பியும் வீட்டிற்கு போனோம். வழியில் மரங்கள் விழுந்துக் கிடந்தது. அம்மா எங்களை பார்த்து சிரித்தார். அவர் தந்தப் பாலைக் குடித்தோம்.”

பிழைகளின் பகுப்பு

இப்பத்தியில் ஏழு பிழைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து ஒற்றுப் பற்றியவை. ‘வீட்டிற்கு போனோம்’, ‘எங்களை பார்த்து’, ‘பார்த்து சிரித்தார்’ ஆகிய மூன்றிடங்களில் வரவேண்டிய ஒற்று வரவில்லை. ‘விழுந்துக் கிடந்தது’, ‘தந்தப் பாலை’ ஆகிய இரண்டிடங்களில் வரக்கூடாத ஒற்று வந்துள்ளது. ஐந்திடத்தும் ‘ஒற்றுப்பிழை’ என்றே எழுதப்பட்டால், மாணவர் அதனை ‘ஒற்று இடவேண்டும்’ என்று புரிந்துகொள்ளவே வாய்ப்பு மிகுதி. அதன் பயனாக அடுத்த கட்டுரையில் மிகை ஒற்றுகள் பெருகும்.

குறைந்த ஒற்றும் மிகுந்த ஒற்றும்

இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’, நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ ஆகியவை வெளிப்பட வந்து, வருமொழி க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் வல்லினம் மிகும். எனவே ‘வீட்டிற்குப் போனோம்’, ‘எங்களைப் பார்த்து’ என்பவையே சரி. இம்மாணவரே ‘பாலைக் குடித்தோம்’ என்று சரியாக எழுதியுள்ளார். ஆகவே ‘ஐ’யைப் பொறுத்தவரை விதி அவருக்கு முற்றிலும் புதிதன்று, அது இன்னும் நிலைபெறவில்லை என்றே கொள்ளவேண்டும். அறியாமையால் தொடர்ந்து நேரும் பிழையையும் தற்செயலாக நேரும் தவறையும் பிட் கார்டர் 1967இல் வேறுபடுத்திக் காட்டியது இங்குப் பயன்படும். விதியை மீண்டும் விரித்துரைப்பதைவிட, அவர் சரியாக எழுதிய இடத்தைச் சுட்டி மற்றதை அவரே திருத்தச் செய்வது பொருந்தும்.

மிகை ஒற்றின் காரணம் வேறு. ‘பார்த்துச் சிரித்தார்’ என்பதில் மிகும் ஒற்றை ‘து’ என முடியும் எல்லா வினையெச்சத்திற்கும் பொதுவாக்கியதன் விளைவாக ‘விழுந்துக்’ வந்திருக்கலாம். ‘து’வுக்கு முந்தைய எழுத்தை நோக்குமாறு சொன்னால் வேறுபாடு விளங்கும். ‘பார்த்து’ என்பதில் முன்னிற்பது வல்லின மெய். அது வன்தொடர்க் குற்றியலுகரமாதலின் மிகும். ‘விழுந்து’ என்பதில் முன்னிற்பது மெல்லின மெய், அவ்வினையெச்சத்தின்பின் மிகாது.

‘தந்தப் பால்’ என்பதற்கு ‘அந்தப் பால்’ என்னும் தொடரே மாதிரியாகியிருக்கலாம். இரண்டும் ஒலியால் ஒத்தவை, இலக்கணத்தால் வேறானவை. ‘அந்த’ சுட்டு; அதன்பின் மிகும். ‘தந்த’ பெயரெச்சம், அதன்பின் மிகாது. ‘தந்தான், தருகிறான்’ என வினைமுற்றாக்கிப் பார்க்க இயலுமா என்னும் சோதனையை மாணவரே செய்துகொள்ளலாம்.

விதியால் விளங்குவதும் விளங்காததும்

‘மரங்கள் கிடந்தது’ என்பதன் காரணம் பேச்சு வழக்கு. பேச்சுத் தமிழில் அஃறிணை வினைமுற்று ஒருமை பன்மை வேறுபாடு காட்டுவதில்லை. எனவே பேச்சுத் தொடரையும் எழுத்துத் தொடரையும் அருகருகே வைத்து, எழுத்தில் ‘கிடந்தன’ என வருவதைக் காட்டவேண்டும். ‘மளை’ என்பதற்கு இத்தகைய விதி விளக்கம் இல்லை. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரத்தில் வளர்ந்தவர் காதை நம்பி எழுதமுடியாது. அச்சொல்லைக் கண்ணால் கண்டு, எழுதிப் பழகுவதே வழி. இலக்கணத் திருத்தம் பயனற்றது என்று டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். அதற்கு 1999இல் மறுமொழி தந்த ஃபெரிஸ், விதியால் விளக்கத்தக்க பிழைகளையும் அவ்வாறு இயலாதவற்றையும் பிரித்தார். அப்பிரிவு தமிழுக்கும் பொருந்துவதை இவ்விரு பிழைகளும் காட்டுகின்றன.

முடிவுரை

ஓரக்குறிப்பில் ‘ஒற்றுக் குறை’, ‘ஒற்று மிகை’ எனப் பிரித்தெழுதுவது திருத்தத்தின் முதற்படி. காரணங்கள் பத்தியிலிருந்து ஊகிக்கப்படுபவை என்பதால், ‘ஏன் இங்கு ஒற்று இட்டீர்?’ என மாணவரிடம் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். அடுத்த பத்தியில் ஒற்று வரவேண்டிய இடங்களோடு வரக்கூடாத இடங்களையும் எண்ணவேண்டும். குறை ஒற்று நீங்கி மிகை ஒற்றுப் பெருகியிருந்தால், மாணவர் விதியைக் கற்கவில்லை. சிவப்பு மைக்கு அஞ்சக் கற்றிருக்கிறார்.