கரிசலும் செம்மண்ணும் ஒரே தட்டில்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பண்ணைக்குட்டை வெட்டியவருக்குப் பருத்தி கூடுதலாக விளைந்தால், அந்த விளைச்சலைக் குட்டையின் கணக்கில் எழுதலாமா? ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு ஒரு மூலையைக் குழியாக்க மனம் வரும். ஒன்றரை ஏக்கர்காரர் தயங்குவார். கரிசலில் வெட்டிய குட்டையில் தண்ணீர் நிற்கும். செம்மண்ணில் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் செம்மண்காரர் பலர் வெட்டவே மாட்டார்கள். ஆக, வெட்டியவரும் வெட்டாதவரும் மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே வேறு வேறு நிலையில் இருந்தவர்கள். இரு தரப்பின் சராசரி விளைச்சலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நிலத்தின் பலனும் குட்டையின் பலனும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சீட்டுக் குலுக்கி யாருக்குக் குட்டை என்று முடிவு செய்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. அப்படிச் செய்யாத இடங்களுக்காக 1983-இல் பால் ரோசன்பாமும் டொனால்ட் ரூபினும் ஒரு வழி சொன்னார்கள். ஒருவருடைய நிலம், மண், குடும்ப அளவு, கண்மாய்க்கு உள்ள தூரம் போன்ற பின்னணி விவரங்களைக் கொண்டு, அவர் குட்டை வெட்டியிருக்கக்கூடிய வாய்ப்பைக் கணக்கிட வேண்டும். பெரும்பாலும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் இதற்குப் பயன்படும். கிடைப்பது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண். புரொபென்சிட்டி ஸ்கோர் எனப்படும் இதை நாட்ட மதிப்பெண் என்று சொல்லலாம். குட்டை வெட்டிய ஒருவருக்கு, அதே அளவு மதிப்பெண் பெற்றும் வெட்டாத ஒருவரை இணை சேர்த்து, இணைகளின் விளைச்சலை ஒப்பிட வேண்டும்.

இணை சேர்ந்த இருவரும் இரட்டையர் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நிறைய நிலமும் செம்மண்ணும் உள்ளவருக்கும், கொஞ்ச நிலமும் கரிசலும் உள்ளவருக்கும் ஒரே 0.4 வரலாம். தனித்தனி இணைகளில் பொருத்தம் இருக்க வேண்டியதில்லை. மொத்தக் கூட்டத்தின் சராசரியில்தான் சமநிலை வர வேண்டும். கேரி கிங்கும் ரிச்சர்ட் நீல்சனும் 2019-இல் இந்த மதிப்பெண்ணை இணை சேர்க்கப் பயன்படுத்தவே வேண்டாம் என்று எழுதியதற்கு இது ஒரு காரணம். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் இணை சேர்த்த பிறகு சமநிலையைச் சோதிக்காத அறிக்கையை நான் நம்புவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. குட்டை உள்ளவர் 120 பேர், இல்லாதவர் 600 பேர். முதல் தரப்பின் சராசரி நிலம் 5.2 ஏக்கர், இரண்டாம் தரப்புக்கு 3.4. திட்ட விலக்கம் 2 ஏக்கர். இடைவெளியான 1.8-ஐ 2-ஆல் வகுத்தால் 0.9. இதுவே திட்டப்படுத்திய வேறுபாடு. இது 0.1-க்குள் இருந்தால் சமநிலை வந்துவிட்டது என்பது பலரும் கைக்கொள்ளும் அளவுகோல். 0.9 என்றால் ஒப்பிடவே கூடாத இரண்டு கூட்டங்கள்.

இணை சேர்த்தபின் 96 இணைகள் தேறுகின்றன. நிலம் இப்போது 4.5-க்கு 4.4, அதே 2 ஏக்கரால் வகுத்தால் வேறுபாடு 0.05. நன்று. மண்ணைப் பார்த்தால், குட்டை உள்ள 96 பேரில் 63 பேருக்குக் கரிசல், இல்லாதவர்களில் 56 பேருக்கு. திட்டப்படுத்திய வேறுபாடு ஏறத்தாழ 0.15. இது இன்னும் சரியாகவில்லை.

இந்த இடத்தில்தான் பல அறிக்கைகள் சறுக்குகின்றன. 63, 56 என்ற எண்களுக்குப் பி-மதிப்பு பார்த்தால் 0.3 அளவில் வரும். ‘வேறுபாடு முக்கியமானதல்ல’ என்று எழுதிவிட்டு விளைச்சலுக்குப் போய்விடுவார்கள். இது தவறு. இணை சேர்க்கும்போது ஆட்கள் குறைகிறார்கள். ஆட்கள் குறைந்தாலே பி-மதிப்பு ஏறும், சமநிலை சற்றும் மாறாவிட்டாலும். பாதிப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே தள்ளினாலும் பி-மதிப்பு ‘நன்றாக’த் தெரியும். திட்டப்படுத்திய வேறுபாட்டை ஆள் எண்ணிக்கை அப்படி இழுப்பதில்லை.

சமநிலை வராவிட்டால் திரும்பப் போக வேண்டும். கரிசல்காரரைக் கரிசல்காரரோடும் செம்மண்காரரைச் செம்மண்காரரோடும் மட்டும் இணை சேர்க்கலாம். அல்லது மண்ணும் நிலஅளவும் சேர்ந்து செயல்படுவதை மதிப்பெண் கணக்கில் புகுத்தலாம். பிறகு மறுபடி சோதனை. இப்படி எத்தனை முறை செய்தாலும் குற்றமில்லை, விளைச்சல் எண்களைத் திறந்து பார்க்காதவரை. இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பது என் எண்ணம். விடையைப் பார்க்காமலே ஒப்பீட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.

விடுபட்ட 24 பேரையும் மறக்கக்கூடாது. அவர்கள் பெருநிலக்காரர்கள், அவர்களைப் போன்ற குட்டையில்லாதவர் கிடைக்கவில்லை. எனவே கிடைக்கும் விடை நடுத்தர நிலக்காரருக்கானது. ‘திருச்சுழி விவசாயிகளுக்கு’ என்று தலைப்பிட்டால் பொய்யாகும்.

எந்த விவரத்தை எடுப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்று போய் ‘என்ன பயிர் வைக்கிறீர்கள்’ என்று கேட்டு அதையும் மதிப்பெண்ணில் சேர்த்தால், குட்டைத் தண்ணீரை நம்பி மிளகாய்க்கு மாறியவரையும் வேறு காரணத்தால் மிளகாய் வைத்தவரையும் இணை சேர்ப்போம். குட்டையின் பலனில் ஒரு பகுதியை நாமே துடைத்துவிடுவோம். குட்டை வெட்டுவதற்கு முந்தைய விவரம் மட்டுமே செல்லும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சரியாகச் செய்தது. கிராமாலயாவும் வாட்டர்.ஆர்க் அமைப்பும் கழிப்பறை, குடிநீர், சுகாதாரக் கல்வி ஆகியவற்றைக் கொண்டுசென்ற கிராமங்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. பெஞ்சமின் அர்னால்டும், கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோரும் பிறகு வந்து, திட்டத்துக்கு முந்தைய 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற பழைய தரவுகளைக் கொண்டு ஒத்த கிராமங்களை இணை சேர்த்தார்கள். மொத்தம் 25 கிராமங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட 1,284 குழந்தைகள், 12 மாதக் கண்காணிப்பு. முடிவு 2010-இல் வெளியானது. புதிய கழிப்பறை கட்டியதில் 33 சதவீதப் புள்ளி வித்தியாசம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கிலும் உயரத்திலும் வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை நான் மதிக்கிறேன். ஒப்பிடும் தரப்பைச் சோதிக்காமல் விட்டிருந்தால், நல்ல நிலையில் இருந்த கிராமங்களின் ஆரோக்கியத்தைத் திட்டத்தின் வெற்றியாக எழுதுவது எளிது. ஆனாலும் கணக்கெடுப்பில் எழுதப்படாததை எந்த இணையும் சமன் செய்யாது. ஒரு கிராமத்தில் ஊர்க் கூட்டம் கூட்டி வேலையை முடிக்கும் தலைவர் இருந்தாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சீட்டுக் குலுக்கிய ஆய்வைவிட வலுவான அனுமானங்கள் இதற்குத் தேவை என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

திருச்சுழியில் இந்தக் குறை இன்னும் கூர்மையானது. வடகிழக்குப் பருவமழை ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரை விட்டுவிடும். அதனால் இணைகளை ஒரே ஊருக்குள் தேட வேண்டும். அப்போதும் தானாக முன்வந்து குட்டை கேட்டு விண்ணப்பம் கொடுத்தவரின் முனைப்பு கணக்கில் வராது. அந்த மறைந்த காரணம் எவ்வளவு பலமாக இருந்தால் முடிவு கவிழும் என்று கணக்கிட ரோசன்பாம் வகுத்த சோதனை இருக்கிறது. சிறிய அளவிலேயே கவிழ்ந்தால் அதை அறிக்கையில் எழுத வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் பண்ணைக்குட்டைகளை மதிப்பிட இறங்குபவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. குட்டை கேட்டு வந்த விண்ணப்பங்களை, மறுக்கப்பட்டவற்றையும் சேர்த்து, நிலமும் மண்ணும் குறித்துப் பாதுகாத்து வையுங்கள். அறிக்கையில் விளைச்சல் அட்டவணைக்கு முன்பாகச் சமநிலை அட்டவணையை அச்சிடுங்கள்.