வெட்டும் இடத்தில் மட்டும் கைவைக்கும் ‘ஸ்மார்ட் கட்’

லாஸ்லெஸ்கட், மிகேல் ஃபின்ஸ்டாட் எழுதிய திறமூல வீடியோ வெட்டி. உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக். படத்தை மறுபடி என்கோட் செய்யாமல், வேண்டிய பகுதியை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பதால், மணிக்கணக்கில் ஓடும் கோப்பையும் நொடிகளில் வெட்டிவிடுகிறது. ஆனால் வெட்டு நாம் சொன்ன இடத்தில் விழாது.

காரணம் கோப்பிலேயே இருக்கிறது. எச்.264 வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம் அல்ல. கீஃபிரேம் மட்டுமே தனித்து நிற்கும். மற்றவை அக்கம்பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். நகலெடுத்து வெட்டினால் கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே 250 ஃபிரேம் வரை போகலாம். 25 ஃபிரேம் வேகத்தில் அது 10 விநாடி.

அதே 25 ஃபிரேம் வேகத்தில் உள்ள ஒரு சொற்பொழிவுப் பதிவை எடுத்துக்கொள்வோம். 12:34-இல் பேச்சாளர் வணக்கம் சொல்கிறார், 41:10-இல் முடிக்கிறார். கீஃபிரேம்கள் எங்கே என்று பார்க்க:

```
ffprobe -v error -select_streams v:0 \
 -skip_frame nokey -read_intervals 740%765 \
 -show_entries frame=pts_time -of csv=p=0 in.mp4
740.000000
750.000000
760.000000
```

12:34 என்பது 754-ஆவது விநாடி. நகல் முறையில் 750-இலிருந்துதான் தொடங்கும். மைக்கைத் தட்டிப் பார்க்கும் 4 விநாடியும் சேர்ந்து வரும்.

ஏற்றுமதித் திரையில் ‘Smart cut’ தேர்வைப் போட்டால் கதை மாறுகிறது. 754-இலிருந்து 760-க்கு முந்தைய ஃபிரேம் வரை, அதாவது 150 ஃபிரேம்களை மட்டும் புதிதாக என்கோட் செய்கிறது. 760-இலிருந்து மீதியைத் தொடாமல் நகலெடுத்து இரண்டையும் ஒட்டுகிறது. வேண்டிய பகுதியில் மொத்தம் 42,900 ஃபிரேம்கள். அவற்றில் 150-க்குத்தான் தரம் குறைய வாய்ப்பு. அந்த 150-க்கு எவ்வளவு பிட்ரேட் என்பதை மூலத்தைப் பார்த்துத் தானே கணிக்கிறது. கணிப்பு குறைவாக இருந்தால் முதல் 6 விநாடி மங்கலாக ஓடி, திடீரென்று தெளியும். பிட்ரேட்டைக் கையால் உயர்த்த வழி உண்டு; உயர்த்தியே வையுங்கள். 6 விநாடிக்குக் கோப்பு பெருத்துவிடாது.

முடிவுப் பக்கத்தில் இந்தக் கருவி எதையும் என்கோட் செய்வதில்லை, 41:10-இல் நகலை நிறுத்திவிடுகிறது. பின்னால் வரும் ஃபிரேமையும் சார்ந்திருக்கும் பி-ஃபிரேம்கள் கோப்பில் இருந்தால், கடைசியில் ஓரிரு ஃபிரேம் கூடலாம், குறையலாம். கைதட்டலில் முடியும் சொற்பொழிவுக்கு அது பொருட்டே இல்லை. விளம்பரத்தை நறுக்குகிறவர்களுக்குத்தான் உறுத்தும்.

உண்மையான சிக்கல் ஒட்டு விழும் இடத்தில் இருக்கிறது. படத்தை எப்படி விரிக்க வேண்டும் என்ற குறிப்பு எம்பி4 கோப்பின் தலைப்பில் பொதுவாக ஒரே ஒருமுறைதான் எழுதப்படும். கைபேசியோ கேமராவோ எழுதிய குறிப்பும், புதிய 150 ஃபிரேம்களுக்கு எக்ஸ்264 எழுதிய குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால், ஒரு பாதிக்கு மற்றதன் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பிளேயர் தடுமாறும். அறிகுறி தெளிவானது: முதல் 6 விநாடி நன்றாக ஓடும், அதன்பிறகு பச்சைக் கட்டங்களும் சிதைந்த முகங்களும் வரும். கணினியில் சரியாக ஓடும் அதே கோப்பு டிவியில் உடையவும் கூடும். அதனால் எந்தக் கருவியில் பார்க்கப்போகிறார்களோ, அதிலேயே ஒட்டு விழும் நொடியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வசதியைச் சோதனை நிலையில் உள்ளது என்று மென்பொருளே முத்திரை குத்தியிருக்கிறது. நேர்மையான முத்திரைதான்.

நடுப்பகுதி உண்மையிலேயே தொடப்படவில்லையா? கண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கையொப்பம் எடுத்துப் பார்க்கலாம்.

```
ffmpeg -i in.mp4  -map 0:v -f framemd5 in.txt
ffmpeg -i out.mp4 -map 0:v -f framemd5 out.txt
```

பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூலத்தின் 19,000-ஆவது ஃபிரேமும் புதிய கோப்பின் 150-ஆவது ஃபிரேமும் ஒன்றே. அங்கிருந்து கடைசிப் பத்தியில் உள்ள எழுத்துகள் இரு பட்டியலிலும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். நேரம் காட்டும் பத்திகள் மாறியிருக்கும், அவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள். முதல் 150 வரிகள் ஒத்துப்போகாது, போகவும் கூடாது.

ஒலியில் பெரிய தொல்லை இல்லை. ஏஏசி ஒலி 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு சுமார் 21 மில்லிவிநாடி. நம் ஃபிரேம் ஒன்று 40 மில்லிவிநாடி. நகலெடுத்தே வெட்டினாலும் உதட்டசைவு விலகியதாகத் தெரியாது.

ஒரே கோப்பில் முன்னும் பின்னும் நறுக்க, எச்.264 பதிவாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பத்துப் பதினைந்து துண்டுகளைச் சேர்த்து ஒரு படமாக்கி வாடிக்கையாளரிடம் கொடுப்பவர்கள் முழுதாக என்கோட் செய்வதே நல்லது. ஒவ்வொரு ஒட்டும் உடையக்கூடிய இடம். எப்படி வெட்டினாலும், ஒட்டு விழும் இடங்களைப் பார்த்து முடிக்கும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.