கமியிலிருந்து சூ செஃப் வரை: சென்னை வழியும் கொழும்பு வழியும்

சென்னையின் ஐந்து நட்சத்திர ஹோட்டலிலும் கொழும்பின் ஐந்து நட்சத்திர ஹோட்டலிலும் சமையலறைப் பதவிகளின் பெயர்கள் ஒன்றுதான். கீழே மூன்று படிகளில் கமிகள் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே டெமி, அதற்கு மேல் ஒரு பிரிவை முழுதாகப் பொறுப்பேற்கும் சி.டி.பி., பிறகு சூ செஃப், எல்லோருக்கும் மேலே எக்ஸிகியூட்டிவ் செஃப். 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் எஸ்காஃபியே ஒழுங்குசெய்த வரிசையின் சுருங்கிய வடிவம் இது. ஆனால் கமியாகச் சேரும் பையனோ பெண்ணோ சூ செஃப் ஆகும் பாதை இரு நாடுகளிலும் வேறு வேறு இடத்தில் அடைபடுகிறது.

எங்கே அடைபடுகிறது என்று பார்க்க, சூ செஃப் செய்யும் வேலை என்ன என்பது தெரிய வேண்டும். கமி காய் நறுக்குவார், ஸ்டாக் கொதிக்க வைப்பார், குளிரறையில் தேதிச் சீட்டு ஒட்டிப் பழையதை முன்னே வைப்பார். சி.டி.பி. தன் பிரிவின் சுவைக்குப் பொறுப்பு. இதுவரை ஏறுவதற்குக் கைப்பக்குவம் போதும். சூ செஃப் ஆனவுடன் கரண்டியை விடப் பேனாதான் அதிகம் கையில் இருக்கும். நாளைக்கு என்ன வாங்குவது, யாருக்கு எந்த ஷிஃப்ட், மாதக் கடைசியில் சரக்குக் கணக்கு, ஒரு தட்டுக்கு என்ன அடக்கம் என்பதெல்லாம் அவர் தலையில் விழும். இரவு எட்டு மணிக்குப் பாஸில் நின்று ஆர்டர் சீட்டுகளை உரக்கப் படித்து, கிரில்லும் கறியும் ஒரே நேரத்தில் தட்டுக்கு வரும்படி செய்வதும் அவர்தான்.

ஒரு மீன் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். எண்கள் எடுத்துக்காட்டுக்கு. சென்னையில் வஞ்சிரம், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. கிலோ 800 ரூபாய் என்று 10 கிலோ வாங்கினால் 8,000 ரூபாய். தலை, முள், தோல், ஓரம் போக 6 கிலோ சதை தேறியது என்று வைப்போம். இப்போது தட்டில் வைக்கும் மீனின் விலை கிலோ 800 இல்லை, சுமார் 1,333. ரெசிபி ஒரு துண்டுக்கு 150 கிராம் என்கிறது. 40 துண்டு வரும், துண்டுக்கு 200 ரூபாய். வெட்டும் கமி தராசைப் பார்க்காமல் 170 கிராமாக வெட்டினால் 35 துண்டுதான் தேறும். துண்டின் அடக்கம் 229 ரூபாய் ஆகிவிடும். விருந்தினர் கண்ணுக்கு அந்த 20 கிராம் தெரியாது. மாதக் கடைசிக் கணக்கில் தெரியும். நல்ல கமி 40 துண்டு வெட்டித் தருவார். நல்ல சி.டி.பி. அதில் பத்தை எடுத்துத் தராசில் வைத்துப் பார்ப்பார். சூ செஃப் ஆகத் தகுதியுள்ளவர், இந்த வாரம் சதை 6 கிலோவுக்குப் பதில் ஐந்தரைதான் தேறுகிறது, மீன் சிறிதாக வருகிறது, சப்ளையரோடு பேச வேண்டும் என்று சொல்வார்.

இந்தியாவில் இந்தக் கணக்கைக் கமிக்கு யாரும் தருவதில்லை. அதற்குக் காரணம் இரண்டு வாசல்கள். நுழைவுத் தேர்வு எழுதி, தரமணியில் இருப்பதைப் போன்ற ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் மூன்றாண்டுப் பட்டம் முடித்தவர்களில் சிலரைப் பெரிய ஹோட்டல் குழுமங்கள் கிச்சன் மேனேஜ்மென்ட் டிரெய்னியாக எடுக்கின்றன. ஓபராய் குழுமத்தின் பயிற்சி மையம் 1966இலிருந்து இயங்குகிறது. பொதுவாக ஒன்றரை இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்து இவர்கள் கிச்சன் எக்ஸிகியூட்டிவாகவோ ஜூனியர் சூவாகவோ வந்து நிற்கிறார்கள். கொள்முதல், அடக்கவிலை, ஷிஃப்ட் அட்டவணை எல்லாம் இவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பாடம். மறு வாசலில் கமியாக நுழைந்தவர் ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு ஆண்டு நின்று, அதே இடத்துக்கு வரப் பெரும்பாலும் எட்டுப் பத்து ஆண்டு ஆகிறது.

அதைவிடக் கடுமையான தடை பிரிவுச் சுவர். இந்திய ஹோட்டலில் தந்தூர், கறி, தென்னிந்தியம், சைனீஸ், பேக்கரி எல்லாம் தனித்தனி ராஜ்ஜியங்கள். தந்தூர் அடுப்பில் பத்தாண்டு நின்றவர் அந்த அடுப்பின் உஸ்தாத் ஆவார். அவர் ரொட்டிக்கு நகரமே வரும். ஆனால் சாஸ் பிரிவில் ஒரு மாதம்கூட நின்றிருக்க மாட்டார். எல்லாப் பிரிவையும் சுற்றி வந்த டிரெய்னிக்குத்தான் பாஸ் கிடைக்கிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இலங்கையில் அந்தச் சுவர் தாழ்வு. கடற்கரை ஹோட்டல்களில் காலை, இரவு பஃபேதான் முக்கிய வேலை என்பதால் காலையில் ஆப்பம் சுட்ட கமியே இரவு கிரில்லில் நிற்கிறார். தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம். பாசிக்குடா, அறுகம்பேப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. பருவத்தோடு இடம் மாறும் கமி நாலைந்து பிரிவுகளைத் தொட்டுவிடுகிறார். 1964இல் தொடங்கிய இலங்கை ஹோட்டல் பள்ளி இன்று சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாகக் கொழும்புக்கு வெளியேயும் கிளைகளோடு நடக்கிறது. பள்ளிக்கே போகாதவருக்கும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு; அனுபவத்தைச் சோதித்தே தருவார்கள்.

அங்கே அடைபடுவது வேறிடம். இலங்கை ஹோட்டல் பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து, ஊழியர்களுக்கு மாதாமாதம் பகிரப்படும். கூட்டமான மாதத்தில் கமிக்கு அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தோடு போட்டி போடும். அதனால் டெமி ஆவதில் கிடைக்கும் சிறு உயர்வை விட, கூட்டம் அதிகமுள்ள ஹோட்டலுக்கு மாறுவதே லாபமாகத் தெரிகிறது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், பிறகு கோவிட், பிறகு 2022 நெருக்கடி என்று கூட்டம் விழுந்தபோது அந்தப் பங்கும் விழுந்தது. சமையல்காரர்கள் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். நடுப்படிகள் காலியானதால் எஞ்சியிருந்தவர்கள் வேகமாக மேலேற்றப்பட்டார்கள். நான்காண்டு அனுபவத்தில் சி.டி.பி., ஆறாண்டில் சூ என்பதெல்லாம் கேள்விப்படாததல்ல.

இந்த வேகத்தில்தான் எனக்குக் கவலை. இந்தியக் கமி கணக்கைத் தொடாமல் தேங்குகிறார். இலங்கைக் கமி கணக்கைத் தொடாமலே மேலே போய்விடுகிறார். பட்டம் இருந்தும் கை தயங்கும் சூ செஃப்பை ஒரு வாரப் பாஸ் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குத் தெரியாத சூ செஃப்பைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். குளிரறையில் ஒரே பொருள் மூன்று தேதிச் சீட்டோடு கிடக்கும், வெள்ளிக்கிழமை இஞ்சி தீர்ந்துபோகும், ஒரே ஆளுக்குத் தொடர்ந்து பத்து நாள் ஷிஃப்ட் விழும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இலங்கை வழியைத்தான் எடுப்பேன். பிரிவு பிரிவாகச் சுற்றிய கைக்குக் கணக்கை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரே அடுப்பில் பத்தாண்டு நின்றவரை எல்லா அடுப்புக்கும் பழக்குவது எளிதல்ல. இலங்கை ஹோட்டல்கள் டெமி நிலையிலேயே சரக்குக் கணக்கை எழுதப் பழக்க வேண்டும். இந்திய ஹோட்டல்கள் டிரெய்னிக்குத் தரும் பிரிவுச் சுழற்சியைக் கமிக்கும் தர வேண்டும்.

அதுவரை, கமியாக இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கடைசி இரவில் சரக்கு எண்ணும்போது, தராசைப் பிடிக்க நான் வரட்டுமா என்று உங்கள் சூ செஃப்பிடம் கேளுங்கள். பெரும்பாலான சமையலறைகளில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, மறுக்க மாட்டார்கள்.