1987 ஜூலை 30: ஒரு முதல் பக்கத்தை எடைபோடுதல்

மண்ணூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து ஒரு நாளிதழின் முதல் பக்கத்தைத் தயாரித்திருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான வாரத்தில், தமிழ்நாட்டில் காலையில் வெளிவந்த நாளிதழ் எப்படி இருந்திருக்குமோ அப்படி எழுத வேண்டும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட பணி. கண்காட்சிக்கு வைப்பதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி பக்கம் என்னிடம் வந்தது. உழைப்பு நிறைய தெரிகிறது. ஆகவே கணக்கும் கறாராகவே இருக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தை அவர்கள் ஏன் எடுத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அதில் கையெழுத்திட்ட ராஜீவ் காந்தி நான்கு ஆண்டுகள் கூட முடியாத நிலையில், 1991 மே 21 இரவு, அவர்கள் அன்றாடம் பேருந்து ஏறி இறங்கும் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். நினைவிடத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பக்கத்தின் பலமும் பலவீனமும் அந்த நெருக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன.

பக்கத்தின் தேதி 1987 ஜூலை 30, வியாழன். கிழமை சரி. தலைப்புச் செய்தி: “அமைதியா, அடுத்த போரா? கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்து”. அதன் மேல் சிறிய எழுத்தில் “மூன்று தரப்பும் இசைவு”. நடுவில், கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கும் புகைப்படம். இடப்பக்கம் “இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது”. கீழே ஒப்பந்தத்தின் காலக்கெடுக்களைச் சொல்லும் கட்டம். வலக்கோடியில் மண்டபம் அகதி முகாமைப் பற்றி ஒரு சிறு செய்தி.

முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாளிதழுக்கு நேரம்தான் எலும்பு. ஒப்பந்தம் 29ஆம் தேதி பிற்பகலில் கையெழுத்தானது. டெலிபிரிண்டரில் வந்த செய்தி அச்சுக்கோத்து, இரவில் அச்சாகி, 30 காலையில் வாசகர் கைக்குப் போயிருக்கும். ராஜீவ் தாக்கப்பட்டது 30 காலை, நாடு திரும்புவதற்கு முன் அணிவகுப்பு மரியாதையை ஏற்றபோது. இந்தியப் படையின் முதல் பிரிவுகள் பலாலியில் இறங்கியதும் 30ஆம் தேதிதான். அன்று காலை வந்த இதழ் இந்த இரண்டையும் எவ்விதத்திலும் சொல்லியிருக்க முடியாது. மாலை இதழாக இருந்தால் தாக்குதலைச் சொல்லியிருக்கலாம், காலை இதழாக இருந்தால் 31ஆம் தேதியே முடியும். பக்கத்தின் பாதி இடத்தை, அந்த இதழ் வெளிவந்தபோது நடக்காத விஷயங்கள் பிடித்திருக்கின்றன.

தேதியை 31 என்று மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. 31ஆம் தேதி இதழில் தலைப்புச் செய்தி ஒப்பந்தமாக இருக்காது, தாக்குதலாகத்தான் இருக்கும். வெளிநாட்டு அரசின் மரியாதை அணிவகுப்பிலேயே நம் பிரதமர் மீது அடி விழுந்த மறுநாள், எந்த ஆசிரியரும் ஒப்பந்த வாசகங்களை மேலே வைத்திருக்க மாட்டார். ஒப்பந்தத்தின் விளக்கம் இரண்டாம் இடத்துக்கோ உள்பக்கத்துக்கோ இறங்கியிருக்கும். இந்த இழப்பு உண்மையில் நடந்த இழப்பு. ஒப்பந்தத்தை அமைதியாக உட்கார்ந்து படித்திருக்க வேண்டிய நாளில் துப்பாக்கிக் கட்டையின் படமே எல்லார் கண்ணையும் பிடித்துக்கொண்டது. மாணவர்கள் 30, 31 இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, அந்தத் தேர்வின் விலையையும் ஏற்றிருக்க வேண்டும். இரண்டு நாளையும் ஒரே தாளில் ஒட்டியதால் இரண்டுமே பொய்த்துவிட்டன.

சிறு பிழை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ச் செய்திக்கு “காஞ்சிபுரம் மாவட்டம்” என்று போட்டிருக்கிறார்கள். அந்த மாவட்டம் 1997இல் பிறந்தது. 1987இல் மண்ணூரும் ஸ்ரீபெரும்புதூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஒரு சொல்லில் திருந்தக்கூடிய பிழை, விட்டுவிடலாம்.

“மூன்று தரப்பும் இசைவு” என்பதை விட முடியாது. ஒப்பந்தத்தில் இருந்தவை இரண்டு கையெழுத்துகள், பிரதமர் ராஜீவ் காந்தியுடையதும் ஜனாதிபதி ஜெயவர்த்தனேயுடையதும். விடுதலைப் புலிகளோ வேறு எந்தத் தமிழ் இயக்கமோ கட்சியோ அதில் கையெழுத்திடவில்லை. பிரபாகரன் யாழ்ப்பாணத்திலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு ஓட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்தார். முதல்வர் எம்.ஜி.ஆரும் அந்த நாட்களில் டெல்லிக்கு அழைக்கப்பட்டுப் பேச்சில் பங்குகொண்டார். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியவர்கள் ஒருபுறம், அவர்கள் வைப்பார்கள் என்று கையெழுத்திட்டவர்கள் மறுபுறம். இந்த ஒப்பந்தத்தின் ஆதாரமான சிக்கலே இதுதான். அதைத் தலைப்புக்கு மேலேயே இல்லை என்று ஆக்கிவிட்டது அந்தச் சிறிய வரி. எம்.ஜி.ஆர். பெயர் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை என்பதும் இதன் தொடர்ச்சியே. அந்த வாரத்துத் தமிழ்நாட்டு இதழ் ஒன்றில் அவர் இல்லாமல் இலங்கைச் செய்தி இருந்திருக்காது.

இனித் தலைப்பு. “அமைதியா, அடுத்த போரா?” என்ற கேள்வியை அன்று யாரும் கேட்டிருக்க முடியாது என்பது என் வாதமல்ல. மாணவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே கேள்வி. அவர்கள் எடுத்தது அக்டோபர் 1987இலிருந்து, இந்தியப் படையும் புலிகளும் மோதத் தொடங்கிய பிறகிலிருந்து. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அதற்கும் அடுத்து மே 21. இத்தனையும் தெரிந்த பிறகு ஐயப்படுவது எளிது. அதில் எந்தக் கூர்மையும் இல்லை.

ஆனால் அறியாமையை அப்படியே நடித்துக் காட்டினால் போதுமா, வாழ்த்தும் ஆரவாரமுமாகப் பக்கத்தை நிரப்பிவிடலாமா என்று ஒருவர் கேட்டால், அதுவும் தவறுதான். ஐயத்துக்கான சான்றுகள் அந்த வாரத்திலேயே கிடந்தன. கையெழுத்தின்போது கொழும்பில் ஊரடங்கு, எதிர்ப்புக் கலவரம். இலங்கையின் பிரதமர் பிரேமதாசா கையெழுத்து நிகழ்ச்சிக்கே வரவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டிய அரசுக்குள்ளேயே இணக்கம் இல்லை என்பதை 30ஆம் தேதி காலை எந்தச் செய்தியாளரும் எழுதியிருக்கலாம். பிரபாகரன் பகிரங்கமாகச் சம்மதம் சொல்லாமல் இருந்ததும் அப்படியே. “ஒப்பந்தம் கையெழுத்து: இலங்கைப் பிரதமர் வரவில்லை” என்று மாணவர்கள் தலைப்பிட்டிருந்தால், அந்த நாளின் எல்லையைத் தாண்டாமலே அவர்கள் விரும்பிய நிழல் முழுதும் விழுந்திருக்கும். ஐயம் அன்றைய செய்தியிலிருந்து எழுந்தால் அது இதழியல், பிந்திய வரலாற்றிலிருந்து இறங்கினால் அது பாடநூல்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு கீழ்ப்பகுதிக்கு வருகிறேன். அங்கே இந்த மாணவர்கள் தங்களை மீறி எழுதியிருக்கிறார்கள்.

காலக்கெடுக் கட்டம் ஒப்பந்தத்தின் வாசகத்தை உட்கார்ந்து படித்தவர்கள் செய்த வேலை. கையெழுத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் சண்டை நிற்க வேண்டும். அது நின்றதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஆகஸ்ட் 15க்குள் வடகிழக்கில் அவசரநிலை நீங்க வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் மாகாண சபைத் தேர்தல். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைந்திருக்கும், அந்த இணைப்பு தொடர வேண்டுமா என்று 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு. இதைக் கையில் வைத்திருந்த வாசகர் மறுநாளிலிருந்தே ஒப்பந்தத்தை அளந்திருக்கலாம். 29 பிற்பகலோடு 48 மணி நேரம் கூட்டினால் 31 பிற்பகல், இன்னும் 72 கூட்டினால் ஆகஸ்ட் 3 பிற்பகல். பலாலியில் ஆயுத ஒப்படைப்புச் சடங்கு நடந்தது ஆகஸ்ட் 5இல். அதற்கு முந்திய நாள் சுதுமலைக் கூட்டத்தில் பிரபாகரன், மக்களின் பாதுகாப்புப் பொறுப்பை இந்தியாவிடம் விட்டே ஆயுதங்களைக் கொடுக்கிறோம் என்றும், தமிழீழமே நிலையான தீர்வு என்ற தன் நம்பிக்கை மாறவில்லை என்றும் பேசினார். ஆயுத ஒப்படைப்புக் கெடு தவறியதும், கொடுத்தவர் எந்த மனநிலையில் கொடுத்தார் என்பதும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டன.

அந்தக் கட்டத்திலும் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. விடுபட்டதுதான் முக்கியமானது. கிழக்கின் வாக்கெடுப்பை ஜனாதிபதி தம் விருப்பப்படி ஒத்திவைக்கலாம் என்று அதே பிரிவிலேயே எழுதியிருந்தது. தேதியை எழுதி, அதைத் தள்ளிப்போடும் உரிமையை எழுதாவிட்டால் வாசகர் பாதி உண்மையோடு போய்விடுவார். அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பையே செல்லாது என்றது. இந்தியப் படையை ஜனாதிபதி அழைக்கலாம் என்ற இசைவும் ஒப்பந்தத்தின் இணைப்புப் பகுதியில், தேவைப்பட்டால் என்ற நிபந்தனையோடு இருந்தது. படை இறங்கிய செய்தியை எழுதியவர்கள், அதற்கு வழி திறந்த அந்த வாக்கியத்தைத் தேடவில்லை. ஒப்பந்தங்களை இணைப்புவரை படிக்க வேண்டும்.

மண்டபம் செய்தி எட்டே வரிகள். அப்போது தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஈழ அகதிகள் இருந்தார்கள், அவர்கள் திரும்புவதற்கும் ஒப்பந்தத்தில் பிரிவு இருந்தது. முகாமில் இருக்கும் ஒரு தாய், விதைப்புக் காலத்துக்கு முன் ஊர் போய்விட முடியுமா என்று கேட்பதாக மாணவர்கள் கற்பனை செய்திருக்கிறார்கள். செய்தி அதற்குப் பதில் சொல்லவில்லை. திரும்பியவர்களில் பலர் 1990இல் மீண்டும் படகேறி வந்தார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனாலும் அந்தத் தாய்க்குத் தெரியாததை அவர்கள் செய்திக்குள் விடவில்லை. பக்கம் முழுதும் கடைப்பிடித்திருக்க வேண்டிய ஒழுக்கத்தை இந்த எட்டு வரிகள் கடைப்பிடித்திருக்கின்றன.

என் தீர்ப்பு இது. பக்கத்தின் மேல்பாதி தேறவில்லை, கீழ்ப்பாதி தேறுகிறது. இந்த வடிவில் இதைக் கண்காட்சியில் வைக்கக் கூடாது. 30ஆம் தேதியை வைத்துக்கொண்டு தாக்குதல் படத்தையும் படைச் செய்தியையும் எடுத்துவிடுங்கள். தலைப்புக்கு மேலுள்ள வரியை அழித்து, கையெழுத்திட்டவர்கள் இருவர், வராதவர் பிரேமதாசா, டெல்லியில் இருந்தவர் பிரபாகரன் என்று எழுதுங்கள். கட்டத்தில் ஒத்திவைக்கும் உரிமையையும் இணைப்புப் பகுதியின் வாக்கியத்தையும் சேருங்கள். மண்டபம் செய்தியைக் கோடியிலிருந்து எடுத்து, படம் இருந்த நடுவிடத்தில் போடுங்கள்.