தாலாட்டும் தெப்பமும்: 'லைஃப் ஆஃப் பை' திரைப்படத்தின் தொடக்கக் காட்சிகள்

ஆய்வுச் சுருக்கம்

ஆங் லீ இயக்கத்தில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' திரைப்படத்தின் பெயர்க்காட்சியையும், வில்லியனூர்க் கோயிலில் படமாக்கப்பட்ட தெப்பக் காட்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கதை தொடங்குவதற்கு முன்பே படத்தின் முடிவுக்குரிய குறிப்பு தமிழில் தரப்பட்டுவிடுகிறது என்பதும், அக்குறிப்பு தமிழறிந்தோருக்கு மட்டுமே முழுமையாகப் புலப்படுகிறது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பெயர்க்காட்சி, பாயிரம், தாலாட்டு, ஐயவினா, வில்லியனூர்.

முன்னுரை

நூலுக்கு முன் நிற்பது பாயிரம். அது நூலின் பொருளை முன்னரே கூறலாம். நூலைக் கேட்கும் மனநிலையை மட்டும் உருவாக்கவும் செய்யலாம். சிலப்பதிகாரப் பதிகம் முதல்வகையைச் சார்ந்தது. கோவலன் கொலையுண்டதும் கண்ணகி மதுரையை எரித்ததும் காப்பியத்திற்குள் நுழையுமுன்பே சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆதலின், கேட்பவர் என்ன நிகழும் என்று காத்திராமல், அது எவ்வாறு நிகழ்கிறது என்பதில் கருத்தைச் செலுத்துகிறார்.

யான் மார்டெல் 2001இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலுக்கும் ஒரு பாயிரம் உண்டு. புதுச்சேரிக் காப்பிக்கடையொன்றில் முதியவர் ஒருவர் இக்கதையைத் தமக்குக் கூறியதாக ஆசிரியர் குறிப்பு தொடங்குகிறது. அக்குறிப்பும் புனைவே, எனினும், இது உண்மையில் நிகழ்ந்தது என்னும் நம்பிக்கையை அது வாசகரிடம் ஏற்படுத்துகிறது. திரைப்படம் இந்த வாயிலைக் கைவிட்டு, அதன் இடத்தில் ஒரு தாலாட்டை வைத்துள்ளது. சான்று கூறி நம்பவைக்கும் தொடக்கத்திற்கு மாறாக, செவிவழி உறங்கவைக்கும் தொடக்கம் இது.

பெயர்க்காட்சியும் தாலாட்டும்

நடிகர், கலைஞர் பெயர்கள் திரையில் தோன்றும்போது புதுச்சேரி விலங்குக்காட்சிச்சாலை காட்டப்படுகிறது. ஒட்டகச்சிவிங்கி முதலான விலங்குகளும் பல நிறப் பறவைகளும் அமைதியாக உலவுகின்றன. உரையாடல் இல்லை. மைக்கேல் டன்னாவின் இசையில், பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு மட்டுமே ஒலிக்கிறது. தமிழறியாத பார்வையாளருக்கு இது இனிய ஒலி, கீழைநாட்டுச் சூழல், குழந்தைமையின் அமைதி. சொற்பொருள் விளங்காவிடினும் காட்சி குறைவுபடுவதில்லை.

தமிழறிந்தவருக்கோ இங்கே இன்னொன்று நிகழ்கிறது. பாடலிலுள்ள தாய் தன் குழந்தையை மயிலோ, குயிலோ, நிலவோ எனத் தொடர்ந்து வினவுகிறாள். தாலாட்டு மரபில் இது புதிதன்று. ஜெயஸ்ரீயின் பாடல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வேளையில், அதன் தொடக்க வரிகள் இரயிம்மன் தம்பியின் மலையாளத் தாலாட்டைத் தழுவியவை என அவர் பெயரிலான அறக்கட்டளை குற்றம் சாட்டியதும், ஜெயஸ்ரீ அதனை மறுத்ததும் அறியப்பட்டவை. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், குழந்தையைப் பறவையாகவும் பூவாகவும் கண்டு ஐயுறுவது தென்னிந்தியத் தாலாட்டுகளின் பொதுச்சொத்து என்பதில் ஐயமில்லை.

இம்மரபுக்கூறு இப்படத்தில் தனிப்பொருள் பெறுகிறது. 'ஓ' என்னும் இறுதியிடைச்சொல் இங்கே விடை வேண்டாத ஐயத்தை உணர்த்துகிறது. குழந்தை மயிலா குயிலா என்று தாய் முடிவு செய்வதில்லை; இரண்டையும் விட்டுவிடாமல் வைத்துக்கொள்கிறாள். படத்தின் இறுதியில் பார்வையாளருக்கு வைக்கப்படும் வினாவும் இவ்வடிவினதே. கப்பல் மூழ்கியபின் உயிர்மீட்புப் படகில் இருந்தவை வரிக்குதிரை, ஒராங்குட்டான், கழுதைப்புலி, புலி என்பது ஒரு கதை. காலொடிந்த மாலுமி, தாய், சமையற்காரன், பை என்பது மற்றொரு கதை. எக்கதை விருப்பமானது என்று பை கேட்கிறானேயன்றி எது உண்மை என்று கூறுவதில்லை.

தாலாட்டில் அன்பின் மிகுதியால் மனிதக் குழந்தை பறவையாகிறது. கடலில் துயரின் மிகுதியால் மனிதர் விலங்குகளாகின்றனர். இரண்டிலும் நிகழ்வது ஒரே மாற்றம். உணர்ச்சி மட்டும் தலைகீழாகிறது. மேலும், தொடக்கத்தில் கேட்பது ஒரு தாயின் குரல். இரண்டாவது கதையில் கொல்லப்படுபவளும் தாயே. எனவே பெயர்க்காட்சி, தன் குழந்தையை விலங்குலகின் நடுவே உறங்கவைக்கும் தாயின் இருப்பை, அவள் திரையில் தோன்றுமுன்பே நிலைநிறுத்திவிடுகிறது.

அமைதியிலுள்ள விரிசல்

இவ்வமைதி முழுமையானதன்று என்பதைப் படம் உடனே உணர்த்துகிறது. பாடல் முடிந்ததும் நடுவயதுப் பை தன் பிறப்பைச் சொல்கிறான். உடும்பைப் பார்க்க வந்திருந்த ஊர்வன வல்லுநரே பேறு பார்த்தார். தாயும் சேயும் நலம். தப்பியோடிய உடும்போ மிரண்ட காசோவரிப் பறவையின் காலில் மிதிபட்டு இறந்தது. நகைச்சுவையாகச் சொல்லப்படுவதால் அவ்விறப்பு எளிதில் கடந்துபோகிறது. ஒருவர் பிழைக்கும்போது மற்றோர் உயிர் மாய்வதும், அதனைச் சிரித்தபடி சொல்லும் கதைசொல்லியும் இங்கேயே அறிமுகமாகிவிடுகின்றன. பிற்பகுதியில் இவனை எந்த அளவு நம்புவது என்னும் வினாவுக்கு இதுவே முதற்பயிற்சி.

வில்லியனூர்க் குளம்

இத்தொடக்கப் பகுதியின் உச்சம் இரவுத் திருவிழா. புதுச்சேரி நகருக்கு மேற்கேயுள்ள வில்லியனூரின் திருக்காமீசுவரர் கோயிலில் இது படமாக்கப்பட்டது. எண்ணற்ற விளக்குகளுக்கிடையே திருமாலின் உருவம் நீரில் மிதக்கிறது. கரையற்ற கடலில் திருமால் துயில்கிறார், நாம் அவர் கனவு என்னும் கருத்தைக் கதைசொல்லியின் குரல் தருகிறது. உடனே தந்தை, கதைகளுக்கும் அழகிய விளக்குகளுக்கும் மயங்காதீர்கள் என்று மக்களை எச்சரிக்கிறார்.

தாலாட்டு செவிக்குச் செய்ததை இக்காட்சி கண்ணுக்குச் செய்கிறது. துயில், நீர், கனவு ஆகிய மூன்றும் ஒன்றிணைகின்றன. பின்னர் வானத்தைப் பிரதிபலிக்கும் கடலில் பையின் படகு மிதக்கும்போது இக்குளமே பெருகி நிற்கிறது. தந்தையின் எச்சரிக்கையோ படம் தன்னைக் குறித்தே கூறும் எச்சரிக்கை. முப்பரிமாணக் காட்சிகளால் மயக்கப்போகும் படம், மயங்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பார்வையாளர் அதைக் கேட்டும் மயங்குகிறார். இறுதியில் இரண்டாவது கதை வரும்போது அவர் இழப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. திருக்காமீசுவரர் சிவபெருமான். அவர் கோயிலில் திருமாலின் தெப்பம் மிதக்கிறது. கடலுக்கும் துயிலுக்கும் உரிய தெய்வம் கதைக்கு வேண்டியிருந்தமையால் தலத்தின் அடையாளம் விலக்கப்பட்டது. ஊரின் பெயரும் கதைக்குள் வருவதில்லை. பாத்திரங்களின் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்க, தமிழ் தாலாட்டாகவே நினைவில் நிற்கிறது. புதுச்சேரிச் சிற்றூர் இங்கே மனிதர் உழைத்து வாழும் இடமாகவன்றி, பிரிந்து சென்றவனின் நினைவில் ஒளிரும் இடமாகவே உள்ளது. நினைவுகூர்பவன் மொன்றியலில் வாழும் பை ஆதலின் இது கதைக்குப் பொருந்துவதே. வில்லியனூரை அறிந்தவருக்கு அந்த இடைவெளி தெரியாமற்போவதில்லை.

முடிவுரை

சிலப்பதிகாரப் பதிகம் முடிவை வெளிப்படக் கூறித் தொடங்குகிறது. இத்திரைப்படம் முடிவைத் தாலாட்டுக்குள் மறைத்துத் தொடங்குகிறது. பாடலை வேற்றுமொழித் தாலாட்டாக மாற்றினால், தமிழறியாதவர் பெறும் அமைதி அவ்வாறே இருக்கும். மயிலோ குயிலோ என்னும் ஐயம் மட்டும் இல்லாமற்போகும். அதனுடன், மனிதரும் விலங்கும் ஒருவர்க்கொருவர் பெயராக நிற்கும் இக்கதையின் திறவுகோலும் போய்விடும். உலகத்துக்காக எடுக்கப்பட்ட படம் தன் பாயிரத்தைத் தமிழில் வைத்தது. அதனைச் சூழலொலியாகக் கேட்பவர் ஒரு படத்தையும், சொல்லாகக் கேட்பவர் மற்றொரு படத்தையும் காண்கின்றனர்.